ஷாஃப்ட் நுனியில் சுற்றிய சால்வை: தப்பிய விபத்தை எழுதுவது எப்படி

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற மாதங்களில் அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகள் இரவிலும் ஓடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் உமிப் புகையும் அவித்த நெல் வாசமும் வரும். அப்படி ஒரு மில்லில் நடக்கக்கூடிய ஒரு சின்னச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு தப்பிய விபத்து அறிக்கை எப்படி எழுதுவது என்று முழுதாகப் பார்ப்போம். இது எந்த ஒரு குறிப்பிட்ட மில்லும் அல்ல. பல மில்களில் இருக்கிற அமைப்பை உதாரணத்துக்காக ஒன்றாக்கியிருக்கிறேன். அளவுகளும் உதாரண அளவுகள்தான். உங்கள் மில்லில் நீங்களே டேப் பிடித்து அளக்கவேண்டும்.

சம்பவம் இது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து நின்று சிந்திய நெல்லைக் கூட்டுகிறார். தோளில் கிடந்த சால்வையின் ஒரு முனை சரிந்து, பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றுகிற ஷாஃப்ட் நுனியில் பட்டு, சுற்றத் தொடங்குகிறது. அவர் பின்னால் இழுக்கிறார். பழைய பருத்திச் சால்வை. கிழிந்துபோகிறது. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது மில்லில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். "ராத்தா, ஒண்டும் ஆகல்லதானே? அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று ஒருவர் சொல்லுவார். இன்னொருவர் கத்தியால் துணியை வெட்டி எடுத்து அடுப்பில் போடுவார். எலிவேட்டர் திரும்ப ஓடும். மறுநாள் அது சிரித்துப் பேசும் கதையாகிவிடும். அந்தத் துணி எரிந்ததோடு அறிக்கைக்குத் தேவையான பாதிச் சான்றும் எரிந்துவிட்டது.

அதனால் அறிக்கை பேனாவில் தொடங்குவதில்லை, சுவிச்சில் தொடங்குகிறது. எலிவேட்டரை நிறுத்தி, அதன் ஐசொலேற்றரையும் இறக்கி, வேறு யாரும் போடாதபடி ஒருவரை அங்கே நிறுத்தவேண்டும், அல்லது பூட்டுப் போடவேண்டும். பிறகு ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும். நெல் நிரம்பிய வாளிகளோடு நின்ற எலிவேட்டர், பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பூட்டு இல்லாததாக இருந்தால், பாரத்தில் சற்றுப் பின்னோக்கித் திரும்பும். துணியை எடுக்கக் கைவைத்த நேரத்தில் அது திரும்பினால் தப்பிய விபத்து உண்மையான விபத்தாகிவிடும்.

அசைவு முழுதாக நின்ற பிறகு, துணியை வெட்டுவதற்கு முன், மூன்று படம். முதற்படம் நாலைந்து அடி தள்ளி நின்று, எந்த எலிவேட்டர், எந்தப் பக்கம் என்று தெரியும்படி. இரண்டாவது, ஷாஃப்ட் நுனியும் அடிப்பெட்டியும் தரையில் கிடக்கிற நெல்லும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி. மூன்றாவது மிகக் கிட்டத்தில், பக்கத்தில் டேப்பை விரித்துவைத்து. இந்த மூன்றாவது படத்தில் ஒரு விஷயத்தைத் தேடவேண்டும்: துணி எந்த இடத்தில் முதலில் பிடிபட்டது? வழுவழுப்பான ஷாஃப்டிலும் துணி சுற்றக்கூடும், ஆனால் துருத்தி நிற்கும் எதுவும் அதை இன்னும் இலகுவாகப் பிடிக்கும். ஆகவே எது அதைக் கொளுவியது என்று பார்க்கவேண்டும். இந்த உதாரணத்தில் பெயாரிங்குக்கு வெளியே ஒரு கொலர் இருக்கிறது. அதை இறுக்கியிருக்கிற செட் ஸ்குரூவின் சதுரத் தலை அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. துணியின் அடிச்சுற்றைப் பிரித்தால் அந்தத் தலை துளைத்த ஓட்டை தெரியும். கிறீஸ் கறையும் அங்கேதான் கடுமையாக இருக்கும்.

துணியை ஒரு பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். எத்தனை சுற்று இருந்தது, விரித்தால் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் நாலு சுற்று, 50 சென்ரிமீற்றர். இந்த 50 எதற்கு என்று பின்னால் வரும்.

இப்போது எழுதுவோம். வழக்கமாக எழுதப்படுகிற அறிக்கை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> எலிவேட்டருக்கு அருகில் கவனக்குறைவாக வேலை செய்த ஊழியரின் சால்வை இயந்திரத்தில் சிக்கியது. காயம் எதுவும் இல்லை. அவதானமாக வேலை செய்யும்படியும் தளர்வான உடை அணியவேண்டாம் என்றும் அறிவுறுத்தப்பட்டது.

மூன்று வசனம், கையெழுத்து, முடிந்தது. இதைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் இந்தத் தாளை ஒரு வெல்டிங் பாஸின் கையில் கொடுத்தால் அவர் எங்கே போவார்? மில்லில் மூன்று எலிவேட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மேலேயும் கீழேயும், இரண்டு பக்கமும் ஷாஃப்ட் நுனி இருக்கிறது. எந்த நுனி? எவ்வளவு நீளம்? என்ன செய்யவேண்டும்? தாளில் ஒன்றும் இல்லை. பழுதுபார்க்கச் சொல்லப்பட்ட ஒரே பொருள் அந்தப் பெண்ணின் கவனம். அதை வெல்டிங் பண்ணமுடியாது.

அறிக்கை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: சம்பவம் நடந்தபோது மில்லில் இல்லாத ஒரு பாஸ், யாரிடமும் ஒரு கேள்வி கேட்காமல், அந்தத் தாளையும் படத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சரியான இடத்தில் சரியான வேலையைத் தொடங்கமுடியவேண்டும்.

அதற்கு முதலில் கேட்டறிய வேண்டும். கேட்கும் விதத்திலேயே பாதி விஷயம் போய்விடும் அல்லது கிடைத்துவிடும். "ஏன் கிட்டப் போனீங்க?" என்று கேட்டால் எவரும் தற்காத்துத்தான் பேசுவார். "தெரியாமப் போயிட்டன்" என்பார், அல்லது பேசாமல் நிற்பார். நாட்கூலிக்கு வருகிற ஒருவருக்கு அந்தக் கேள்வி, நாளைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாகத்தான் கேட்கும். அதையே வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள்.

"ராத்தா, அந்த இடத்தில நெல்லு எங்கால கொட்டுது?"

"அந்தத் தகட்டுக்குக் கீழால கொட்டுது தம்பி. ஒவ்வொரு நாளும் ரெண்டு கூடை வாருறன். வாராட்டிக் குழிக்க இறங்கி அள்ள வரும்."

"மிசினை நிப்பாட்டிப்போட்டு வாரினா என்ன?"

"நிப்பாட்டினா அடைச்சிரும். போன கிழம ஒருக்கா நிப்பாட்டி, பெடியன்மார் ரெண்டு மணித்தியாலம் கையால தோண்டினாங்க."

இரண்டு கேள்வியில் சம்பவத்தின் முழு உருவமும் வெளியே வந்துவிட்டது. அடிப்பெட்டியின் கீழே துப்புரவு செய்வதற்காக ஒரு தகட்டுக் கதவு இருக்கும். தேய்ந்தோ வளைந்தோ போய் அதில் இடைவெளி விழுந்திருக்கிறது. அதனால் நெல் சிந்துகிறது. சிந்துவதால் கூட்டவேண்டியிருக்கிறது. நெல் வந்துகொண்டிருக்கும்போது எலிவேட்டரை மட்டும் நிறுத்தினால் அடிப்பெட்டி நிரம்பி வாளிகள் நெல்லுக்குள் புதைந்துவிடும். திரும்பப் போட்டால் மோட்டார் இழுக்காது, பெல்ட் வழுக்கும். ஆகவே ஒருவரும் நிறுத்தமாட்டார்கள். "நிறுத்திவிட்டுக் கூட்டவும்" என்று எத்தனை பலகை எழுதித் தொங்கவிட்டாலும் இந்த மில்லில் அது நடக்காது. நடக்காதது சோம்பலால் அல்ல, நிறுத்தினால் கிடைப்பது இரண்டு மணித்தியாலத் தோண்டல் என்பதால்.

ஏன் அந்த ஷாஃப்ட் நுனி மூடாமல் கிடந்தது? மோட்டாருக்கும் பெரிய கப்பிக்கும் பெல்டுக்கும் இந்த மில்லில் கூடு இருக்கிறது. அடிப்பெட்டி ஷாஃப்டுக்கு மட்டும் இல்லை. எலிவேட்டரை ஓட்டுகிற மோட்டார் மேலே, தலைப்பகுதியில் இருக்கிறது. கீழே உள்ள ஷாஃப்டை எந்த மோட்டாரும் நேராக ஓட்டுவதில்லை, வாளி பெல்ட் இழுப்பதால்தான் அது சுற்றுகிறது. அதனால் பார்ப்பவர் கண்ணில் அது "மிசின்" ஆகவே படவில்லை. தொழிற்சாலைகளுக்கான சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்கு வேலி அல்லது மூடி கேட்கிறது. அந்தப் பாகத்தை மோட்டார் நேராக ஓட்டுகிறதா, பெல்ட் இழுக்கிறதா என்பதில் ஆபத்துக்கு வித்தியாசம் இல்லை.

மெதுவாகச் சுற்றுவதும் இன்னொரு ஏமாற்று. "அது மெல்லமாத்தானே சுத்துது" என்பார்கள். சரி, எவ்வளவு மெல்லமாக? இதை அறிய மீற்றர் எதுவும் வேண்டாம். நிற்கும்போது ஷாஃப்ட் நுனியின் முகப்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஓடவிட்டு, தள்ளி நின்று 15 செக்கன் எண்ணுங்கள். நம் உதாரணத்தில் 24 சுற்று. அதாவது செக்கனுக்கு 1.6 சுற்று, நிமிடத்துக்கு 96. ஷாஃப்டின் விட்டம் ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீற்றர். சுற்றளவு ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். ஆகவே ஒவ்வொரு செக்கனும் 19 சென்ரிமீற்றர் துணியை அது இழுத்துச் சுருட்டுகிறது. சுற்று ஏற ஏறத் தடிப்பும் ஏறுவதால் வேகமும் கொஞ்சம் கூடும்.

இனிச் சால்வைக்கு வருவோம். குனிந்து நிற்கும்போது கழுத்திலிருந்து தொங்கிய முனையின் நீளம் 80 சென்ரிமீற்றர். 80 ஐ 19 ஆல் பிரித்தால் நாலு செக்கனுக்குச் சற்று மேல். கொளுவிய கணத்திலிருந்து கழுத்து ஷாஃப்டுக்கு வர அவ்வளவு நேரம்தான். கிழிந்த துண்டு 50 சென்ரிமீற்றர். மிச்சம் இருந்தது 30. ஒன்றரை செக்கன்.

நிறுத்தும் சுவிச் கதவடியில், ஏழு மீற்றர் தள்ளி இருக்கிறது. ஒருவர் எலிவேட்டரடியில் நின்று கத்த, மற்றவர் அதைக் கேட்டு, விளங்கி, ஓடிப்போய் அமத்துவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கையடக்கத் தொலைபேசியில் பிடித்துப் பாருங்கள். எல்லோரும் தயாராக நிற்கிற ஒத்திகையிலேயே ஒன்பது செக்கன் வந்தது என்று வையுங்கள். மில் இரைச்சலில், இரவில், இன்னும் கூடும். நாலு செக்கனுக்கு எதிராக ஒன்பது செக்கன். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், அறிக்கையில் "மிகவும் பாரதூரமானது" என்ற சொல்லே தேவைப்படாது.

தப்பிய விபத்து அறிக்கை எதிலும் கட்டாயம் இருக்கவேண்டிய, ஆனால் அச்சடித்த படிவங்களில் அநேகமாக இல்லாத ஒரு வரி இருக்கிறது: இந்த முறை காப்பாற்றியது எது? அடுத்த முறையும் அது அங்கே இருக்குமா? இங்கே காப்பாற்றியது கூடு அல்ல, சுவிச் அல்ல, பயிற்சி அல்ல. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி. புதுப் பொலியெஸ்டர் சால்வையாக இருந்தால் அது கிழிந்திருக்காது. காப்பாற்றியது தற்செயல் என்றால், விளைவாக எழுதவேண்டியது "காயம் இல்லை" என்பது அல்ல. தற்செயல் இல்லாதிருந்தால் நடந்திருக்கக்கூடியதை எழுதவேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தற்செயலாக அல்லாமல் வைக்கப்பட்ட ஒரு தடுப்பே காப்பாற்றியிருந்தால், உதாரணமாகக் கூட்டில் தும்புத்தடி முட்டி நின்றிருந்தால், அதையும் எழுதவேண்டும். அந்தக் கூட்டை நாளைக்கு ஒருவர் கழற்ற யோசிக்கும்போது அந்தத் தாள் பதில் சொல்லும்.

இவ்வளவும் கையில் இருந்தால் அறிக்கையை எழுதுவது பத்து நிமிட வேலை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. இப்படி வரும்:

> இடம்: 2 ஆம் எலிவேட்டர், அடிப்பெட்டி, சுவர்ப்பக்க ஷாஃப்ட் நுனி. தரையிலிருந்து 35 சென்ரிமீற்றர் உயரம். படம் 1, 2, 3.
>
> நேரம்: செவ்வாய், இரவு 8.40. எலிவேட்டர் நெல்லோடு ஓடிக்கொண்டிருந்தது.
>
> நடந்தது: சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தவரின் சால்வை முனை, கொலர் செட் ஸ்குரூவின் தலையில் கொளுவி நாலு சுற்றுச் சுற்றியது. 50 செ.மீ. துண்டு கிழிந்தது. காயம் இல்லை.
>
> காப்பாற்றியது: துணி பழையது, கிழிந்தது. வேறு தடுப்பு இல்லை. கழுத்து வரை இழுபட நாலு செக்கன் போதும். சுவிச்சை அமத்த ஒன்பது செக்கன் எடுக்கிறது.
>
> அங்கே இருக்கிற குறை: (1) ஷாஃப்ட் பெயாரிங்குக்கு வெளியே 9 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, மூடி இல்லை. (2) செட் ஸ்குரூத் தலை 12 மி.மீ. துருத்தி நிற்கிறது. (3) துப்புரவுத் தகட்டின் கீழ் 1 செ.மீ. இடைவெளி, நாளுக்கு இரண்டு கூடை நெல் சிந்துகிறது. (4) எலிவேட்டரை மட்டும் நிறுத்தினால் அடைக்கிறது, அதனால் ஓடும்போதே கூட்டவேண்டியுள்ளது. (5) கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிச் இல்லை.
>
> இன்றே செய்தது: ஷாஃப்ட் நுனியைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து எலிவேட்டர் சட்டத்தில் ஸ்குரூ போட்டது. மூடும்வரை அந்தப் பக்கம் கூட்டுவது நிறுத்தம்.
>
> செய்யவேண்டியது, யார், எப்போது: கீழே.

இதில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. "கூட்டிக்கொண்டிருந்தவர்" போதும். பழுதுபார்க்க பாஸுக்குப் பெயர் தேவையில்லை. பெயரைப் போட்டால் அடுத்த முறை ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் 1976 இல் விமானிகளுக்காகத் தொடங்கப்பட்ட அறிக்கை முறையில் இதே காரணத்துக்காகத்தான் தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் கொடுக்காமல் நாசாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே அறிக்கையிலிருந்து ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறார்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் மில்லில் யார் என்று எல்லோருக்கும் தெரியத்தான் தெரியும். இருந்தாலும் தாளில் இல்லாத பெயரை வைத்து ஒருவரும் நடவடிக்கை எடுக்கமுடியாது.

"உடை" என்ற சொல்லும் குறைகளின் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இந்தப் பக்கத்தில் பெண்கள் சால்வையும் முக்காடும் போடுவார்கள், ஆண்கள் சாரத்தோடு நிற்பார்கள். மில்லுக்குள் நெல் தூசுக்கு முகத்தில் துணி கட்டாமல் நிற்கவும் முடியாது. சால்வையை உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் அதைத் திருத்தம் என்று எண்ணி அறிக்கையை மூடிவிட்டால், அடுத்ததாகச் சாரத்தின் ஓரம் அதே ஸ்குரூத் தலையில் கொளுவும்.

திருத்தங்களை எழுதும்போது வரிசை முக்கியம். எது ஆபத்தை இல்லாமலே ஆக்குகிறதோ அது முதலில். நீட்டிக்கொண்டிருக்கிற 9 சென்ரிமீற்றர் ஷாஃப்டால் எந்தப் பயனும் இல்லை என்றால் அதை வெட்டிவிடலாம், கொலர் நிற்பதற்குத் தேவையான அளவை மட்டும் விட்டு. வெட்டுவதற்கு முன் பாஸிடம் கேட்கவேண்டும்: பெல்ட் ஒருபக்கம் ஓடினால் ஷாஃப்டை நகர்த்துவதற்கு அந்த நீளம் தேவைப்படுகிறதா? தேவை என்றால் வெட்டவேண்டாம், மூடலாம். துருத்தி நிற்கும் சதுரத் தலை ஸ்குரூவுக்குப் பதிலாக அலன் சாவியால் இறுக்குகிற, தலையில்லாத ஸ்குரூ போடலாம். அது கொலருக்குள்ளேயே அமிழ்ந்து நிற்கும். கொளுவ இடமே இருக்காது. நட்டு போல்ட்டுக் கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கிற பொருள் அது. புரி அளவு பிழைக்காமலிருக்கப் பழைய ஸ்குரூவைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோனால் சரி.

மூடி எப்படி இருக்கவேண்டும் என்பதையும் அறிக்கையிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மூடி போடவும்" என்று மட்டும் எழுதினால் கம்பிவலை ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள். அரிசி மில்லில் கம்பிவலை ஒரு கிழமையில் உமித் தூசால் அடைபடும். அடைபட்டதைத் தட்ட ஒருவர் கழற்றுவார், திரும்பப் போடமாட்டார். ஆகவே தகடு. கொலரைவிடப் பெரிய விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் ஒரு முனையைத் தகட்டால் அடைத்து, மறுமுனையில் இரண்டு காது வைத்து வெல்டிங் செய்து, எலிவேட்டர் சட்டத்தில் போல்ட் பண்ணலாம். மூடி சுற்றக்கூடாது, ஷாஃப்டில் படவும் கூடாது. அடியில் விரல் நுழையாத அளவு ஒரு சின்ன வெட்டு இருந்தால் தூசு தானே கொட்டிவிடும்.

இதில்தான் பலர் சறுக்குகிற இடம் வருகிறது: கிறீஸ். பெயாரிங்கின் கிறீஸ் நிப்பிள் மூடிக்குள்ளே போய்விட்டால், ஒவ்வொரு முறை கிறீஸ் அடிக்கவும் மூடியைக் கழற்றவேண்டும். முதல் மாதம் கழற்றிப் போடுவார்கள். இரண்டாவது மாதம் நாலு போல்ட்டில் இரண்டைத்தான் போடுவார்கள். மூன்றாவது மாதம் மூடி சுவரோரம் சாய்ந்து கிடக்கும். கழற்றிப்போட்ட கூடுகளைக் கண்டால் யார் கழற்றினார் என்று விசாரிப்பதைவிட, எதற்காகக் கழற்றவேண்டி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு நிப்பிளோ பெல்ட் இறுக்கும் போல்ட்டோ உள்ளே அகப்பட்டிருக்கும். ஆகவே அறிக்கையில் ஒரு வரி: "நிப்பிளிலிருந்து சின்னச் செப்புக் குழாய் ஒன்று இழுத்து, கிறீஸ் அடிக்கும் வாயை மூடிக்கு வெளியே, நின்றபடி எட்டும் உயரத்தில் வைக்கவும்."

தகட்டுக் கதவின் இடைவெளியை ரப்பர் பட்டியும் புதுத் தகடும் போட்டு அடைத்தால் சிந்துவது நிற்கும் அல்லது குறையும். சிந்தாவிட்டால் கூட்டவேண்டாம், கூட்டாவிட்டால் அங்கே ஆள் போகவேண்டிய தேவையே குறைகிறது. மில் முதலாளிக்கு இந்த வரி மற்ற எல்லா வரியையும்விடச் சீக்கிரம் விளங்கும், நாளுக்கு இரண்டு கூடை நெல் அது. சம்மதம் வாங்குவதற்காக இதை முதலில் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு நுனியைத் திறந்து விடக்கூடாது. தகடு திரும்பவும் தேயும்.

அடைப்புப் பிரச்சினைக்கு நெல் வரும் வாயில் ஒரு தட்டுக்கதவு போதும். முதலில் அதை மூடி, வாளிகள் வெறுமையாகும்வரை ஓடவிட்டு, பிறகு நிறுத்தினால் அடைக்காது. இது இருந்தால்தான் "நிறுத்திவிட்டுக் கூட்டவும்" என்ற கட்டளைக்கு அர்த்தம் வரும். நிறுத்தும் சுவிச் ஒன்றை எலிவேட்டரடியில் பொருத்துவது கடைசி. அது செலவும் கூட, எலெக்ட்றீஷியனும் வரவேண்டும். மூடி நன்றாக இருந்தால் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும் பெரிய குறை இல்லை. எல்லாவற்றையும் "உடனடியாக" என்று எழுதினால் எதுவும் உடனடியாக நடக்காது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளும் ஒரு திகதியும் போடுங்கள். "நிர்வாகம்" என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு ஆள் இல்லை. ஸ்குரூ மாற்றுவது மெக்கானிக், நாளை காலை, ஓட்டத்துக்கு முன். மூடி வெல்டிங் பாஸ், வெள்ளிக்கிழமைக்குள். ரப்பரும் தகடும் அடுத்த திங்கள். காபன் தாள் வைத்த இரட்டைப் பிரதிப் புத்தகத்தில் எழுதி, ஒரு பிரதியை முதலாளி மேசையில் வைத்து, மறு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வட்சப்பில் குரல் அனுப்புவது விரைவு, ஆனால் மூன்று நாளில் அது கலியாண வாழ்த்துகளுக்குக் கீழே போய்விடும். குரலை அனுப்பட்டும், புத்தகத்திலும் ஏறட்டும். எழுதத் தயங்குகிறவர் வாயால் சொன்னால் மேற்பார்வையாளர் எழுதிக்கொள்ளவேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும்.

வெளியே இருந்து யாரும் வந்து இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம். தொழிற்சாலைச் சட்டப்படி, மரணம் நேர்ந்தாலோ, ஒரு தொழிலாளி மூன்று நாளுக்கு மேல் முழுக் கூலிக்கு வேலை செய்யமுடியாமல் போனாலோதான் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய விபத்தாகிறது. கிழிந்த சால்வை அந்தக் கணக்கில் வராது. ஆகவே இந்தத் தாளை மில்லுக்குள் உள்ளவர்களே தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். திரும்பத் திரும்பக் கொடுத்தும் ஆபத்தான பாகம் மூடாமலே கிடந்தால், திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் போகலாம். அப்போது கையெழுத்து வாங்கிய பிரதியும் மூன்று படமும் பேசும்.

சில பெரிய நிறுவனங்களில் சுவரில் ஒரு முக்கோணம் ஒட்டியிருப்பார்கள்: ஒரு பாரிய காயத்துக்கு 29 சிறு காயம், 300 காயமில்லாச் சம்பவம். ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931 இல் சொன்ன விகிதம். அதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு மாதம் இரண்டு அறிக்கை கட்டாயம் என்று சட்டம் போடுகிறார்கள். மாதக் கடைசியில் "வாசலில் தண்ணீர் சிந்தியிருந்தது" என்று நாற்பது தாள் வரும். அந்த விகிதம் எல்லா ஆபத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. நாற்பது தண்ணீர்த் தாளைச் சேர்த்தாலும் ஒரு ஷாஃப்ட் நுனி மூடப்படாது. மாதம் ஒரு அறிக்கை வந்து, அது கடைசிவரை போய் முடிந்தால் அந்த மில் நன்றாக இருக்கிறது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? முதற்படம் எடுத்த அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மிசினை நிறுத்தி, பூட்டி, மூடியின் எல்லாப் பக்கத்தாலும் ஒரு துணி முனையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஷாஃப்டைத் தொட்டால் மூடி சரியில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம் போய், நெல் இன்னும் சிந்துகிறதா, கூட்ட வசதியாக இருக்கிறதா என்று கேளுங்கள். மூடி தும்புத்தடிக்கு இடைஞ்சலாக இருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். இடைஞ்சலான மூடி நிலைக்காது.

பழைய தாளை வைத்துக்கொண்டே மற்ற இரண்டு எலிவேட்டர்களையும், நெல் துப்புரவாக்கும் மிசினையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டு சுற்றுகிற நுனிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் இலக்கம் போடுங்கள். இப்படியொரு மில்லில் ஆறேழு தேறும். அவை எல்லாவற்றுக்கும் புதுத் தாள் வேண்டாம், அதே அறிக்கையின் கீழே "இதே குறை உள்ள மற்ற இடங்கள்" என்று சேர்த்தால் போதும். வெல்டிங் பாஸ் ஒருமுறை வந்து ஏழு மூடி அடிப்பது, ஏழுமுறை வருவதைவிட மலிவு.

இரண்டு கிழமை கழித்து, கிறீஸ் அடிக்கிற நாளில், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெளியே இழுத்த குழாயின் வாயில் புதுக் கிறீஸ் ஒட்டியிருந்து, மூடியின் போல்ட் தலைகளில் தூசு கலையாமல் இருந்தால், தாளில் "முடிந்தது" என்று எழுதித் திகதி போடலாம்.